ஒரு மாதம், 12 காணொளிகள்: தனியாகத் தொழில் செய்யும் உடற்பயிற்சியாளருக்கான முழுமையான திட்டமிடல் வழிகாட்டி

புதுச்சேரியிலும் கடலூரிலும் மொட்டை மாடியிலோ சிறிய வாடகைக் கூடத்திலோ வகுப்பு நடத்தும் பயிற்சியாளர்களில் பலர், காலை வகுப்பு முடிந்து வியர்வை காய்வதற்குள், இன்றைக்கு எதைப் படம்பிடித்துப் போடலாம் என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். அந்த யோசனையிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். கடைசியில், யாரோ வேறு மாநிலத்து இளைஞர் செய்த ஒரு குதிப்புப் பயிற்சியைத் தாமும் செய்து பதிவேற்றுவார்கள். அதைப் பார்ப்பவர்கள் வேறு, அவரிடம் பணம் கட்டிப் பயிற்சிக்கு வருபவர்கள் வேறு. மாதத் திட்டம் முதலில் சரிசெய்ய வேண்டியது இந்த விலகலைத்தான். நேரம் மிச்சமாவது அதற்குப் பிறகு வரும் பலன்.

திட்டத்துக்கு இரண்டு கூறுகள் உண்டு. எதைப் பற்றிப் பேசுவது என்பதை வரையறுப்பவை தலைப்புத் தூண்கள். அதை எப்படிக் காட்டுவது என்பதை வரையறுப்பவை தொடர் வடிவங்கள். தூண்கள் மூன்றும் வடிவங்கள் நான்கும் ஒரு மாதத்துக்குப் போதும். தனியாகத் தொழில் செய்பவர் இதைவிடக் கூட்டினால் இரண்டாம் வாரத்திலேயே திட்டம் குலையும் என்பது என் கணிப்பு.

இந்த வழிகாட்டி ஓர் எடுத்துக்காட்டை முழுவதுமாகப் பின்தொடர்கிறது. புதுச்சேரியின் லாசுப்பேட்டையில் தம் வீட்டு மாடியில் தகரக் கூரையின் கீழ் வகுப்பு நடத்தும் ஒரு பெண் பயிற்சியாளர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காலை 5.30 முதல் 8 மணி வரையும், மாலை 5 முதல் 7.30 வரையும் அவருக்கு வகுப்புகள். வருபவர்கள் பெரும்பாலும் 40 வயதைத் தாண்டிய ஆசிரியைகள், அரசு ஊழியர்கள், இல்லத்தரசிகள். திட்டமிடப்போகும் மாதம் நவம்பர். வடகிழக்குப் பருவமழை வலுத்திருக்கும் மாதம், திட்டங்கள் எளிதில் கெடும் மாதம் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

முதல் படி: கேள்விகளைச் சேர்த்தல்

தூண்களை உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கக் கூடாது. யோசித்தால் "வலிமை, உணவு, மனநிலை, ஊக்கம்" என்று எல்லாரும் எழுதும் நான்கு சொற்கள்தான் வரும். அதற்குப் பதிலாக, அக்டோபர் கடைசி இரண்டு வாரங்களில் மாணவர்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும், அவர்கள் கேட்ட அதே சொற்களில், கைப்பேசிக் குறிப்பில் எழுதிவைக்க வேண்டும். வகுப்பு முடிந்து பாயைச் சுருட்டும்போது கேட்பவை, வாட்ஸ்அப்பில் குரல்பதிவாக வருபவை, சேரலாமா என்று விசாரிக்க வரும் புதியவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்பவை ஆகிய மூன்றும் இதில் அடங்கும். மூன்றாவது வகைதான் மிகவும் பயனுள்ளது. இன்னும் பணம் கட்டாதவரின் ஐயம் அதில் இருக்கிறது. காணொளியும் அவரைப் போன்றவருக்காகத்தான் எடுக்கப்படுகிறது.

நம் பயிற்சியாளரின் குறிப்பில் இப்படிப்பட்டவை இருக்கும்: "மேடம், உட்கார்ந்து எழுந்தா முட்டியில சத்தம் வருது, இதைச் செய்யலாமா?" "தினமும் பீச் ரோட்டுல நடக்குறேன், அது போதாதா?" "மழையில ஒரு வாரமா நடக்கவே முடியல, என்ன பண்றது?" "சாதத்தை நிறுத்தினாத்தான் தொப்பை குறையுமா?" "கார்த்திகையில மாலை போடப்போறோம், வீட்டுல மீன் முட்டை இருக்காது, புரோட்டீனுக்கு என்ன சாப்பிடுறது?" இவற்றைத் தூய தமிழாக்கிச் சீர்செய்ய வேண்டாம். காணொளியின் முதல் வரியே இதுதான்.

முப்பது கேள்விகள் சேர்ந்ததும் அவற்றைக் குவியல்களாகப் பிரித்தால் தூண்கள் தாமாகவே தெரியும். இங்கே மூன்று குவியல்கள் எழுகின்றன: முட்டியையும் இடுப்பையும் தாங்கும் வலிமைப் பயிற்சி, வீட்டுச் சமையலில் தட்டை அமைப்பது, நடையும் அன்றாட அசைவும். ஒரு குவியல் தூணாகத் தகுமா என்பதை அறிய இரண்டு கேள்விகள் போதும். அதில் பத்துக் கேள்விகளையாவது திணறாமல் எழுத முடிகிறதா? அதற்கான விடை, பயிற்சியாளர் உண்மையில் விற்கும் சேவையோடு தொடர்புடையதா? "ஊக்கம்" இரண்டாவது சோதனையில் விழுந்துவிடும். காலையில் எழுந்திருப்பது பற்றிய பேச்சைக் கேட்டு யாரும் முட்டி வலிக்கான வகுப்பில் சேர்வதில்லை. அது தனித் தூணாக இல்லாமல் மற்றவற்றுக்கிடையே ஒரு வரியாக வந்துபோகலாம்.

மூன்று தூண்களுக்கும் சம இடம் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கட்டணம் வருவது வலிமை வகுப்பிலிருந்து என்றால், 12 காணொளிகளில் ஆறு அதற்கும், மூன்று உணவுக்கும், மூன்று நடைக்கும் போகட்டும். உணவுக் காணொளிகளுக்குப் பார்வைகள் எளிதில் கூடும். ஆனால் அதைப் பின்தொடர்ந்து போனால், ஆறு மாதத்தில் அவர் சமையல் பக்கம் நடத்துபவராக அறியப்படுவார்.

இரண்டாம் படி: நான்கு வடிவங்களை எழுதி நிறுத்துதல்

வடிவம் என்பது பெயரும் இசையும் மட்டும் அல்ல. கேமரா எங்கே நிற்கும், முதல் ஐந்து நொடியில் என்ன நடக்கும், எவ்வளவு நீளம், எப்படி முடியும் என்ற நான்கையும் ஒரே தாளில் எழுதி, மாதம் முழுவதும் மாற்றாமல் வைத்திருந்தால்தான் அது வடிவம். அவ்வாறு நிறுத்திவிட்டால், ஒவ்வொரு முறையும் மாற வேண்டியது பொருள் மட்டுமே.

முதல் வடிவத்துக்கு "நாற்காலி வகுப்பு" என்று பெயரிடலாம். ஓர் அசைவு, மூன்று நிலைகள், 60 முதல் 90 நொடி, செங்குத்துச் சட்டகம். கைப்பேசியை முக்காலியில் இடுப்பு உயரத்தில் வைத்து, ஏறத்தாழ மூன்று மீட்டர் தள்ளி, உடலுக்குப் பக்கவாட்டிலிருந்து சற்று முன்சாய்வாக நிறுத்த வேண்டும். பாதம் முதல் தலை வரை தெரியாவிட்டால் எடுத்ததை அழித்துவிட்டு மீண்டும் எடுக்க வேண்டும்; பார்ப்பவர் குதிகால் தூக்குகிறதா, முட்டி உள்ளே சாய்கிறதா என்பதைத்தான் கற்றுக்கொள்ள வருகிறார். கைப்பேசியை முகத்துக்கு நேர் உயரத்தில் வைத்தால் பாதம் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, கால்கள் குறுகித் தெரியும்.

இரண்டாவது, "தட்டைப் பார்ப்போம்". மேலிருந்து எடுத்த தட்டு, இரு கைகள், பின்னால் சேர்த்த குரல். 45 நொடி போதும். முகம் தெரியாததால், தூக்கம் கெட்ட நாளிலும் எடுக்கலாம் என்பது இதன் மறைமுக நன்மை.

மூன்றாவது, "ஒரே கேள்வி". கேட்டவரின் அனுமதியோடு அவருடைய குரல்பதிவு ஒலிக்கும், பெயர் வராது. பயிற்சியாளர் அமர்ந்தபடி இரண்டரை நிமிடத்துக்குள் விடை சொல்வார். 2024 அக்டோபர் முதல் யூடியூப் ஷார்ட்ஸ் மூன்று நிமிடம் வரை அனுமதிக்கப்படுவதால், இதையும் செங்குத்தாக எடுத்து அங்கேயே போட முடியும்.

நான்காவது, "கூடவே செய்யுங்கள்". 12 முதல் 15 நிமிடம், கிடைமட்டச் சட்டகம், வெட்டு இல்லாமல் உண்மையான வேகத்தில் செய்துகாட்டும் முழுப் பயிற்சி. எடுப்பதற்கு மிகக் கடினமானது இதுதான். ஆகவே மாதத்துக்கு இரண்டு மட்டும். ஆனாலும் கைவிடக் கூடாது. குறுங்காணொளியைப் பார்த்துவிட்டு நகர்பவர், இவருடைய வகுப்பு எப்படி இருக்கும் என்பதை அறியக்கூடிய ஒரே இடம் இதுதான். திரைப்பாடலைப் பின்னணியில் ஓடவிட்டால் உரிமையாளரின் பதிப்புரிமைக் கோரிக்கை விழும். ஒரு நிமிடத்துக்கு மேற்பட்ட ஷார்ட்ஸில் அப்படி விழுந்தால் காணொளியே முடக்கப்படும். யூடியூப் ஸ்டூடியோவின் ஒலி நூலகத்தில் உள்ள இசையே பாதுகாப்பானது.

கணக்கு இவ்வாறு அமைகிறது: முதல் வடிவத்தில் நான்கு, இரண்டிலும் மூன்றிலும் மூன்று மூன்று, நான்காவதில் இரண்டு. வாரத்துக்கு மூன்று வீதம் நான்கு வாரம். மாதத்தில் மிஞ்சும் இரண்டு நாட்களை வேண்டுமென்றே வெறுமையாக விட வேண்டும்; அதன் காரணம் பின்னால் வரும்.

மூன்றாம் படி: நவம்பரை நிரப்புதல்

நாள்காட்டியில் முதலில் எழுத வேண்டியவை காணொளிகள் அல்ல, ஊரின் நடப்புகள். தீபாவளி அக்டோபர் பிற்பகுதியிலோ நவம்பர் முற்பகுதியிலோ வரும். அந்த வாரம் வருகை குறையும், பலகாரம் பற்றிய குற்றவுணர்வு கூடும். நவம்பர் நடுவில் கார்த்திகை பிறந்ததும் பல வீடுகளில் சபரிமலைக்கு மாலை போடுவார்கள். மீன் குழம்பு இல்லாத சமையல் 41 நாட்களுக்குத் தொடரும். மாதம் முழுவதும் மழை. இவற்றை எழுதிய பிறகு, கேள்விகள் தமக்குரிய வாரத்தில் தாமே போய் அமர்கின்றன.

முதல் வாரம் செவ்வாய்க்கிழமை நாற்காலி வகுப்பில், நாற்காலியிலிருந்து எழுந்து அமரும் பயிற்சி. வியாழக்கிழமை அதற்குத் துணையாக, முட்டியில் வரும் சத்தம் பற்றிய ஒரே கேள்வி. ஞாயிற்றுக்கிழமை, மழைநாளில் வீட்டுக் கூடத்துக்குள்ளேயே 12 நிமிடம் நடப்பதற்கான கூடவே செய்யுங்கள். இரண்டாம் வாரத்தில் நாற்காலி வகுப்பு, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கும் பயிற்சிக்குப் போகிறது. வியாழக்கிழமை தட்டில் தீபாவளிக்குப் பிந்தைய காலைச் சிற்றுண்டி: இட்லியின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லி மிரட்டாமல், சாம்பாரில் பருப்பையும் பக்கத்தில் ஒரு முட்டையையும் கூட்டுவது. சனிக்கிழமை, நடை போதாதா என்ற கேள்வி.

மூன்றாம் வாரத்தில் சுவரில் கை ஊன்றித் தள்ளும் பயிற்சி, விரதத் தட்டு, ஞாயிற்றுக்கிழமை 15 நிமிட வலிமைப் பயிற்சி. நான்காம் வாரத்தில் மாடிப்படியில் குதிகால் உயர்த்தும் பயிற்சி, மதியச் சாதத் தட்டு, கடைசியாக மழை விட்ட இடைவெளியில் மீண்டும் நடக்கத் தொடங்குவது எப்படி என்ற கேள்வி.

இந்த வரிசையில் ஓர் ஒழுங்கு உள்ளது. மூன்றாம் வாரத்து வலிமைப் பயிற்சியில் வரும் அசைவுகள் அனைத்தும் முந்தைய நாற்காலி வகுப்புகளில் தனித்தனியாகக் கற்பிக்கப்பட்டவை. எழுந்து அமர்தல், இடுப்பு உயர்த்தல், சுவர்த் தள்ளல். குறுங்காணொளியில் கற்றதை நீண்ட காணொளியில் ஒருவர் செய்துபார்க்க முடிகிறது. தனித்தனியாகத் தலைப்புகளைத் தூவினால் இந்தத் தொடர்ச்சி கிடைக்காது.

நடை போதாதா என்ற கேள்விக்கான விடையையும் இங்கேயே குறித்துவைப்பது நல்லது, ஏனெனில் வலிமைத் தூணுக்கும் நடைத் தூணுக்கும் பாலம் அதுதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்போடு, வாரத்தில் இரண்டு நாட்களாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. அரை மணி வீதம் ஐந்து நாள் வேகமாக நடப்பவர் முதல் பாதியை நிறைவேற்றிவிட்டார். இரண்டாம் பாதி மீதமிருக்கிறது. நடப்பவரைக் குறைசொல்லாமல் வகுப்புக்கு அழைக்க இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

நான்காம் படி: ஒரு காணொளியை நொடிவாரியாக எழுதுதல்

முதல் வாரத்து நாற்காலி வகுப்பை முழுமையாகப் பார்ப்போம். முதல் ஐந்து நொடியில் வணக்கமும் அறிமுகமும் வேண்டாம். பயிற்சியாளர் ஏற்கெனவே எழுந்து அமர்ந்துகொண்டிருக்கிறார், அதன் மேல் கேள்வி ஒலிக்கிறது: "உட்கார்ந்து எழுந்தா முட்டியில சத்தம் வருது, இதைச் செய்யலாமா?" விடையின் சுருக்கம் உடனே வருகிறது: வலியும் வீக்கமும் இல்லாத சத்தம் பெரும்பாலும் கவலைப்பட வேண்டியதன்று, வலியோ வீக்கமோ இருந்தாலும், முட்டி பூட்டிக்கொண்டாலும் மருத்துவரைப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

அடுத்த 15 நொடியில் நாற்காலி. பிளாஸ்டிக் நாற்காலி வழவழப்பான தரையில் பின்னால் சறுக்கும் என்பதால், அதைச் சுவரில் ஒட்டி வைப்பதைக் காட்ட வேண்டும். சொன்னால் மட்டும் போதாது. முதல் நிலையில், இருக்கை மேல் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டி, கைகளைத் தொடையில் ஊன்றி எழுவது. இரண்டாம் நிலையில் தலையணை இல்லை, கைகள் மார்பில் குறுக்காக. மூன்றாம் நிலையில், மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக இறங்கி, இருக்கையைத் தொட்டதும் உடலைத் தளர்த்தாமல் மீண்டும் எழுவது. ஒவ்வொரு நிலைக்கும் இரண்டு முறை மட்டும் செய்துகாட்டினால் 40 நொடி ஆகும்.

மிஞ்சும் நேரத்தில் ஒரே ஒரு தவறு: எழும்போது முட்டிகள் ஒன்றையொன்று நோக்கி உள்ளே சாய்வது. நான்கைந்து தவறுகளைப் பட்டியலிடும் ஆசை எல்லாப் பயிற்சியாளருக்கும் வரும். மற்றவற்றை அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம். முடிவில், எட்டு முறை வீதம் இரண்டு சுற்று, வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், கடைசி இரண்டு முறை கடினமாக இருந்தால் நிலை சரியாக இருக்கிறது, எட்டும் எளிதாகப் போனால் அடுத்த நிலைக்குச் செல்லலாம் என்று சொல்லி நிறுத்திவிட வேண்டும்.

விரதத் தட்டுக்கும் இதே அளவு துல்லியம் தேவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, பெரியவர் ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவை; 60 கிலோ எடைக்கு அது ஏறத்தாழ 50 கிராம். ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் சுமார் 14 கிராம், 50 கிராம் பனீரில் சுமார் 9 கிராம், 200 கிராம் தயிரில் சுமார் 6 கிராம் கிடைக்கும். இந்த மூன்றையும் தட்டில் வைத்தாலே பாதியைத் தாண்டிவிடுகிறது. மீதம் பருப்பிலும் சாதத்திலும் இட்லியிலும் வந்துவிடும் என்று கைவிரலால் காட்டி முடிக்கலாம். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது என்ற ஒரு வரி கட்டாயம். பயிற்சியாளர் தம் சான்றிதழ் எது என்பதையும் விளக்கப் பகுதியில் எழுத வேண்டும். உடல்நலம் பற்றி அறிவுரை கூறுவோர் தகுதியை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்பது போன்ற சொற்களை எந்த வடிவத்திலும் சேர்க்கக் கூடாது.

ஐந்தாம் படி: இரண்டு பகல்களில் படம்பிடித்தல்

காலை வகுப்புக்கும் மாலை வகுப்புக்கும் நடுவே உள்ள 11 முதல் 3 மணி வரையிலான நேரமே இவருக்குக் கிடைப்பது. மாதத்தில் இத்தகைய இரண்டு பகல்களை ஒதுக்கினால், தட்டுகளைத் தவிர எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். வாரவாரியாக எடுக்காமல் வடிவவாரியாக எடுப்பதுதான் இதன் உத்தி. நான்கு நாற்காலி வகுப்புகளில் மூன்றுக்கு முக்காலியும் இடமும் வெளிச்சமும் ஒன்றே. அசைவும் மேற்சட்டையும் மட்டும் மாறுகின்றன. தரையில் படுத்துச் செய்வதற்கு மட்டும் கேமராவைத் தாழ்த்த வேண்டியிருப்பதால் அதைக் கடைசியில் எடுக்கலாம். மாடிப்படிக் காட்சிக்கு இடம் மாறும்போது பாயையும் நாற்காலியையும் கையோடு எடுத்துப்போக வேண்டாம், அங்கே படி ஒன்றே போதும்.

ஒரு பகலுக்குள் வரிசையும் முக்கியம். பேசும் காணொளிகள் முதலில், அசைவுகள் அடுத்து, 12 நிமிடப் பயிற்சி கடைசியில். வரிசையைத் திருப்பினால், மூச்சிரைப்போடும் சிவந்த முகத்தோடும் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியிருக்கும். முதல் பகலில் மூன்று கேள்விகளும் மழைநாள் நடையும், இரண்டாம் பகலில் நாற்காலி வகுப்புகளும் வலிமைப் பயிற்சியும் என்று பிரித்தால் உடலும் தாங்கும், குரலும் தாங்கும். தட்டுக் காணொளிகளை அவரவர் வீட்டில் அந்த உணவு சமைக்கும் நாளிலேயே, சாப்பிடுவதற்கு முன் பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம்.

நவம்பரில் தகரக் கூரையின் கீழ் ஒலிப்பதிவு செய்ய நினைக்க வேண்டாம். சிறு தூறலே பேச்சை மூழ்கடித்துவிடும். காலரில் மாட்டும் மைக் அந்த ஓசையைத் தடுப்பதில்லை. மழை பெய்தால் சன்னலை ஒட்டிய அறைக்குள் வந்து, சன்னல் முகத்துக்கு எதிரே இருக்கும்படி அமர்ந்து பேசும் காணொளிகளை எடுக்கலாம்; மேகமூட்டமான பகலின் வெளிச்சம் உண்மையில் வெயிலைவிட மென்மையானது. அசைவுகளை மட்டும் கூரையின் கீழ் எடுத்து, குரலைப் பின்னர் அறையில் பதிந்து சேர்க்கலாம்.

கடற்கரையில் எடுக்க விரும்புபவர்கள் திசையைக் கவனிக்க வேண்டும். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையிலும் சரி, கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையிலும் சரி, சூரியன் கடலிலிருந்து எழுகிறது. கடலைப் பின்னணியாக வைத்துக் காலையில் எடுத்தால் முகம் கறுத்து நிழலுருவம்தான் மிஞ்சும். பயிற்சியாளர் கடலைப் பார்த்து நிற்க, கேமரா கடல் பக்கம் இருந்து ஊரை நோக்க வேண்டும். கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணி முதல் மறுநாள் காலை ஏழரை வரை வாகனங்களுக்குத் தடை இருப்பதால் காலை நேரம் வசதியானது; ஆனால் அவருக்கு அப்போது வகுப்பு. எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் சென்று, நடை தொடர்பான பத்துப் பத்து நொடித் துண்டுகளாக ஏழெட்டு எடுத்து வைத்துக்கொண்டால், நடைத் தூணின் காணொளிகளுக்கு இடையில் செருகப் பயன்படும். அங்கே பேசிப் பதிவு செய்ய வேண்டாம்; கடற்காற்று பஞ்சுறை போட்ட மைக்கையும் சில நேரம் விடுவதில்லை. நடப்பவர்களின் முகங்கள் தெரியாமல் கால்களையும் முதுகையும் எடுப்பது மரியாதையும்கூட.

ஆறாம் படி: வெளியிடுதலும், நிறுத்திவைத்தலும்

நாற்காலி வகுப்பைச் செவ்வாய் இரவு எட்டரை மணிக்கு வெளியிடுவது நல்லது; சமையல் வேலை முடிந்து பார்ப்பவர்கள் மறுநாள் காலை செய்துபார்ப்பார்கள். ஒவ்வொரு காணொளியின் முடிவிலும் ஒரே ஒரு வேண்டுகோள் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் ஒரு சொல்லை அனுப்பச் சொல்வது எனக்குப் பிடித்த முறை: வலிமைத் தூணுக்கு "முட்டி", உணவுக்கு "தட்டு", நடைக்கு "நடை". எந்தத் தூண் விசாரணைகளைக் கொண்டுவந்தது என்பதை எண்ணுவதற்கு வேறு கருவி தேவைப்படாது.

முன்கூட்டியே நேரம் குறித்துப் பதிவேற்றி வைப்பதில் இக்கரையோரத்துக்கே உரிய ஓர் ஆபத்து உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. தெருக்களில் வெள்ளம் நின்றது. அத்தகைய நாளில், வீட்டில் நீர் புகுந்தவர்களின் திரையில் "இன்றைக்கு 15 நிமிடம் ஒதுக்குங்கள்" என்று சிரித்த முகத்தோடு காணொளி வந்து நிற்பது நன்றாக இருக்காது. வானிலை மையம் எச்சரிக்கை விடுத்ததும், குறித்துவைத்த பதிவுகளை நிறுத்திவைப்பதை ஒரு வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். வெறுமையாக விட்ட இரண்டு நாட்களும் இதற்குத்தான். தள்ளிப்போன காணொளி அங்கே போய்ச் சேரும். ஒரு வாரமே கெட்டுப்போனால் முதலில் தட்டையும், அடுத்துக் கேள்வியையும் கைவிடலாம். நாற்காலி வகுப்பைக் கடைசி வரை விடக் கூடாது, ஏனெனில் வலிமைப் பயிற்சிக் காணொளி அதன் மேல்தான் நிற்கிறது.

ஏழாம் படி: மாத இறுதிக் கணக்கு

ஒரு காணொளியை வைத்து ஒரு வடிவத்தைத் தீர்ப்பிடக் கூடாது. நான்கு வாரம் முடிந்ததும் ஒரே வடிவத்துக் காணொளிகளை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். நாற்காலி வகுப்பைத் தட்டோடு ஒப்பிடுவதில் பயனில்லை. யூடியூப் ஸ்டூடியோவில், நீண்ட காணொளிக்கு 30ஆவது நொடியில் எத்தனை சதவீதத்தினர் மீதம் இருக்கிறார்கள் என்பதையும், ஷார்ட்ஸுக்கு நின்று பார்த்தவர்கள் எவ்வளவு, தள்ளிவிட்டுப் போனவர்கள் எவ்வளவு என்பதையும் பார்த்தால் பெரும்பாலும் போதும். தொடக்கத்திலேயே கோடு செங்குத்தாக விழுந்தால், அசைவு வருவதற்கு முன் பேச்சு நீண்டுவிட்டது என்று பொருள். நடுவில் ஓரிடத்தில் மட்டும் கோடு மேலெழுந்தால், அங்கே பார்ப்பவர்கள் பின்னால் நகர்த்தி மீண்டும் பார்க்கிறார்கள். பெரும்பாலும் அது நிலை மாறும் இடமாக இருக்கும். அந்த நொடியைத் தனிக் காணொளியாக விரித்தால் டிசம்பருக்கு ஒரு தலைப்பு கிடைத்துவிட்டது.

பார்வைகள் மிகுந்து வாட்ஸ்அப்பில் ஒரு சொல்லும் வராத காணொளியை ஐயத்தோடு பார்க்க வேண்டும். அதன் கீழே உள்ள கருத்துகளைப் படித்தால் காரணம் விளங்கும்: எழுதியிருப்பவர்கள் இருபது வயது இளைஞர்களாகவோ, வேறு மொழியில் பேசுபவர்களாகவோ இருப்பார்கள். நேர்மாறாக, சில நூறு பார்வைகளே பெற்ற முட்டிச் சத்தக் காணொளியிலிருந்து ரெட்டியார்பாளையத்திலிருந்தும் அரியாங்குப்பத்திலிருந்தும் மூன்று பேர் "முட்டி" என்று அனுப்பியிருந்தால், டிசம்பரில் அந்த வடிவத்துக்கு ஓர் இடம் கூட்டுவதற்கு அது போதிய சான்று.

டிசம்பர்த் திட்டத்தில் ஒன்றை மட்டும் மாற்றலாம்: ஒரு வடிவத்தின் தொடக்கமோ, நீளமோ, கேமராக் கோணமோ. இரண்டை ஒருசேர மாற்றினால் எதனால் கூடியது, எதனால் குறைந்தது என்பது தெரியாமல் போகும். நவம்பரில் விடை சொல்லாத கேள்விகளைப் பழைய குறிப்பிலேயே விட்டுவிட்டு, புதியவற்றை அதன் கீழே தொடர்ந்து எழுதிவர வேண்டும். ஒரே கேள்வி மூன்று வெவ்வேறு ஆட்களிடமிருந்து வந்திருந்தால், அதன் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து, அடுத்த மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமைக்கு அதைக் குறித்துவிடலாம்.